எட்டு விழுக்காடு என்று எழுதியிருந்த வரி: மூன்று லட்சம் ரூபாய்க் கடனுக்கான ஒப்பீட்டு அட்டவணை ஒன்றின் ஆய்வு

திருப்பூரில் பனியன் தைக்கும் ஜாப் ஒர்க் யூனிட் ஒன்றை நடத்தும் பெண்மணி ஒருவர், மெஷின் வாங்க மூன்று லட்சம் ரூபாய் கடன் எடுக்க முடிவு செய்து, நான்கு இடங்களில் விசாரித்த விவரங்களைப் பள்ளி நோட்டின் கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டு எழுதி என்னிடம் கொண்டு வந்தார். அவருடைய யூனிட்டுக்குக் கணக்கு எழுதுபவன் என்ற முறையில், எதை எடுக்கலாம் என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்பதுதான் அவருடைய நோக்கம். அவர் அதற்கு முன்பே பாதி முடிவுக்கு வந்திருந்தார் என்பது, இரண்டாவது வரிசையில் பேனாவால் போட்டிருந்த வட்டத்தைப் பார்த்தபோது தெரிந்தது. அந்த அட்டவணையை அப்படியே கீழே தருகிறேன்.

| கடன் தருபவர் | வட்டி | காலம் | மாதத் தவணை | மொத்தம் கட்டுவது |
|---|---|---|---|---|
| அரசுடைமை வங்கி | 11.5% | 36 மாதம் | 9,893 | 3,56,148 |
| நிதி நிறுவனம் | 8% | 36 மாதம் | 10,334 | 3,72,024 |
| தனியார் வங்கி | 13% | 60 மாதம் | 6,826 | 4,09,560 |
| நகைக்கடன் | 9.5% | 12 மாதம் | 2,375 | 3,28,500 |

இதில் ஒரு எண்கூடத் தவறில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொன்றும் அந்தந்த இடத்தில் கேட்டு எழுதியது. நான் சரிபார்த்தபோதும் கூட்டல் பெருக்கல் எல்லாம் ஒத்துப்போயின. ஆனால் வட்டி நிரலில் மேலிருந்து கீழாகப் பார்த்தால் நிதி நிறுவனம் மலிவாகத் தெரிகிறது, தவணை நிரலிலும் மொத்த நிரலிலும் பார்த்தால் நகைக்கடன் மலிவாகத் தெரிகிறது, நகையை விட்டுவிட்டால் தவணையில் தனியார் வங்கி முந்துகிறது. நான்கு வரிசைகளும் நான்கு வெவ்வேறு அளவுகோல்களால் அளக்கப்பட்டவை என்பதுதான் இதற்குக் காரணம்.

வட்டம் போட்ட வரிசையிலிருந்தே தொடங்கினோம். 11.5 விழுக்காட்டு வட்டியில் 36 மாதத்துக்கு 9,893 ரூபாய் தவணை வரும்போது, 8 விழுக்காட்டில் அதே 36 மாதத்துக்கு 10,334 ரூபாய் எப்படி வரும் என்று கேட்டேன். வட்டி குறைவாக இருந்தால் தவணையும் குறைவாக வர வேண்டும் என்பதற்குக் கணக்குப் படிப்பு எதுவும் தேவையில்லை. பக்கத்துப் பக்கத்து வரிசையில் இருந்தும் அது அவர் கண்ணில் படவில்லை. நிதி நிறுவனத்தின் ஏஜெண்ட், “மாசத்துக்கு 67 பைசா வட்டிதானுங்க அக்கா, வெளியில ரெண்டு ரூபாய்க்குத்தான் கிடைக்கும்” என்று சொன்னாராம். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டிக்குக் கைமாற்று வாங்கிப் பழகிய ஊரில் 67 பைசா என்பது காதுக்கு இதமாகத்தான் இருக்கும். பன்னிரண்டால் பெருக்கினால் ஏறக்குறைய 8 விழுக்காடு வரும் என்பதும் உண்மையே.

அந்த 8 விழுக்காடு பிளாட் ரேட். அதாவது மூன்று லட்சத்துக்கு ஆண்டுக்கு 24,000 ரூபாய் வீதம் மூன்று ஆண்டுக்கு 72,000 ரூபாய் வட்டியை முதல் நாளே கணக்கிட்டு, அசலோடு கூட்டி, 36 ஆல் வகுத்துவிடுகிறார்கள். வங்கி சொன்ன 11.5 விழுக்காடு அப்படியல்ல. ஒவ்வொரு மாதமும் எவ்வளவு அசல் பாக்கியிருக்கிறதோ அதற்கு மட்டும் வட்டி போடும் குறையும் நிலுவை முறை அது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கடைசி மாதத்தில் வைத்துப் பார்த்தால் நன்றாக விளங்கும். பிளாட் கணக்கின்படி ஒவ்வொரு தவணையிலும் 8,333 ரூபாய் அசலுக்கும் 2,000 ரூபாய் வட்டிக்கும் போகிறது. முதல் மாதம் மூன்று லட்சம் ரூபாயை வைத்திருந்ததற்கு 2,000 ரூபாய் வட்டி என்றால் அது நியாயமே. ஆனால் 36ஆவது மாதம் பாக்கியிருப்பது வெறும் 8,333 ரூபாய்தான், அதற்கும் அதே 2,000 ரூபாய் வட்டி. அந்த ஒரு மாதத்தை மட்டும் தனியே எடுத்தால் நூற்றுக்கு 24 ரூபாய் மாத வட்டி ஆகிறது. கந்துவட்டிக்காரர்கூட வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் விகிதம் அது. இதைச் சொன்னதும் அவர் பேனாவை எடுத்துத் தாமே ஒருமுறை வகுத்துப் பார்த்துக்கொண்டார்.

இந்த 10,334 ரூபாய்த் தவணையைக் குறையும் நிலுவை முறைக்கு மாற்றினால் ஆண்டுக்கு 14.55 விழுக்காடு வருகிறது. கணிப்பொறி கைவசம் இல்லாத இடத்தில், மூன்றாண்டுக் கடன் என்றால் பிளாட் விகிதத்தை 1.8 ஆல் பெருக்கிக்கொண்டால் பக்கத்தில் வந்துவிடலாம், 8ஐ 1.8 ஆல் பெருக்க 14.4 கிடைக்கிறது. இந்தப் பெருக்கெண் எல்லாக் காலத்துக்கும் எல்லா விகிதத்துக்கும் பொருந்தாது. ஏழாண்டுக் கடனுக்கு இதைப் போட்டுப் பார்த்து ஏமாந்தவர்கள் உண்டு. எனவே முடிவெடுக்கும் நேரத்தில் விரிதாளில் போட்டுப் பார்ப்பதே சரி.

அடுத்து நான் கேட்டது, மூன்று லட்சம் கடன் என்றால் கைக்கு எவ்வளவு வரும் என்பது. அட்டவணையில் அதற்கென்று நிரலே இல்லை. மறுபடியும் நான்கு இடங்களுக்கும் போன் செய்து கேட்டுக் குறித்துக்கொண்டு வந்தார். அரசுடைமை வங்கியில் செயலாக்கக் கட்டணம் 1 விழுக்காடு, அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி, ஆக 3,540 ரூபாய் பிடித்தம். தனியார் வங்கியில் ஒன்றரை விழுக்காடும் ஜிஎஸ்டியும் சேர்த்து 5,310 ரூபாய். நிதி நிறுவனத்தில் 2 விழுக்காடும் ஜிஎஸ்டியுமாக 7,080 ரூபாய், அதோடு கடன்தாரர் ஆயுள் காப்பீட்டுக்கு 4,500 ரூபாய். இரண்டும் கடன் தொகையிலிருந்தே கழித்துக்கொள்ளப்படும். ஆக நிதி நிறுவனத்தில் கையில் கிடைப்பது 2,88,420 ரூபாய், ஆனால் வட்டி மட்டும் முழு மூன்று லட்சத்துக்கு. கழிக்கப்பட்ட 11,580 ரூபாயை அவர் கண்ணால்கூடப் பார்க்கப் போவதில்லை, அதற்கும் மூன்று ஆண்டு வட்டி கட்டப் போகிறார்.

கையில் வரும் தொகையையும் கட்ட வேண்டிய தவணையையும் எண்ணிக்கையையும் வைத்து உண்மையான ஆண்டு விகிதத்தைக் கண்டுபிடிக்க எக்செல்லிலோ கூகுள் ஷீட்ஸிலோ ஒரு வரி போதும். கீழே முதல் வரி வங்கியின் தவணையைத் தரும், இரண்டாவது வரி நிதி நிறுவனத்தின் உண்மை விகிதத்தைத் தரும்.

```
=PMT(0.115/12,36,-300000)
=RATE(36,-10334,288420)*12
```

இரண்டாவது வரியில் தவணைக்கு முன்னால் கழித்தல் குறி விட்டுப்போனால் விடை வராமல் பிழை காட்டும். கையில் வரும் பணமும் கையைவிட்டுப் போகும் பணமும் எதிரெதிர்க் குறியில் இருக்க வேண்டும் என்பதே காரணம். விடை 17.36 விழுக்காடு. 67 பைசாவில் தொடங்கிய பேச்சு மாதத்துக்கு ஏறக்குறைய 1 ரூபாய் 45 பைசாவில் வந்து நின்றது.

நான் போட்ட கணக்கை அவர் நம்ப வேண்டும் என்பதற்காக மட்டுமல்ல, என் கணக்கில் ஏதேனும் விட்டுப்போயிருந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவும், கேஎஃப்எஸ் எனப்படும் முக்கிய விவர அறிக்கையை நிதி நிறுவனத்திடம் கேட்டு வாங்கச் சொன்னேன். ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரல் 15 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, 2024 அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் எல்லாப் புதிய சில்லறைக் கடன்களுக்கும் குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான தவணைக் கடன்களுக்கும் இந்த அறிக்கையைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் கொடுத்தாக வேண்டும். ஆண்டுச் செலவு விகிதமான ஏபிஆர் அதில் இருக்க வேண்டும். காப்பீடு போல வேறொருவருக்காக வசூலிக்கும் கட்டணமும் அந்த விகிதத்துக்குள் அடங்க வேண்டும். தவணை வாரியாக அசல் எவ்வளவு வட்டி எவ்வளவு என்று காட்டும் அட்டவணையும் கூடவே வர வேண்டும். அறிக்கையில் சொல்லாத கட்டணத்தைக் கடன்தாரரின் வெளிப்படையான ஒப்புதல் இல்லாமல் பிறகு வசூலிக்கக் கூடாது என்பதும் விதி. படித்துப் பார்த்து முடிவெடுக்க, ஏழு நாளோ அதற்கு மேலோ காலம் கொண்ட கடன் என்றால், குறைந்தது மூன்று வேலை நாள் அவகாசம் உண்டு.

ஏஜெண்ட் அதுவரை கொடுத்திருந்தது விசிட்டிங் கார்டின் பின்புறம் எழுதிய மூன்று எண்கள் மட்டும்தான். அறிக்கை கேட்டதும், “அதெல்லாம் கையெழுத்துப் போடறப்ப வருமுங்க” என்றார். இரண்டு நாள் விடாமல் கேட்டபின் வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் ஆக வந்தது. அதன் ஏபிஆர் கட்டத்தில் 17.36 என்றே இருந்தது. ஆக அந்த நிறுவனம் எழுத்தில் எதையும் மறைக்கவில்லை. வாய்ச்சொல்லும் காகிதமும் வேறு வேறு எண்ணைப் பேசின, அவ்வளவுதான். வட்டி நிரலில் எந்த எண்ணை எழுத வேண்டும் என்ற கேள்விக்கும் இதோடு விடை கிடைத்துவிட்டது. விளம்பரத்தில் வரும் விகிதத்தை அடித்துவிட்டு, எல்லா வரிசையிலும் ஏபிஆர் எழுதினோம்.

நகைக்கடன் வரிசையில் நெடுநேரம் நிற்க வேண்டியிருக்கவில்லை. 2,375 ரூபாய் என்பது தவணையே அல்ல, வெறும் மாத வட்டி. பன்னிரண்டு மாதம் அதைக் கட்டிய பிறகும் மூன்று லட்சம் அசல் அப்படியே நிற்கும். அதை ஒரே நாளில் கட்டி நகையைத் திருப்ப வேண்டும். மூன்று ஆண்டு வருமானத்தில்தான் கடனை அடைக்க முடியும் என்கிற அவருடைய நிலையில், வருடா வருடம் திருப்பி வைத்துக்கொண்டே போனால் வட்டி மட்டும் 85,500 ரூபாய் ஆகிறது. வங்கிக் கடனில் மூன்று ஆண்டுக்கான வட்டியோ 56,148 ரூபாய்தான். விகிதம் இரண்டு விழுக்காடு குறைவாக இருந்தும் வட்டி கூடுவது, அசல் குறையவே இல்லை என்பதால். ஆறு மாதத்தில் பெரிய தொகை வரவேண்டியிருக்கிற ஒருவருக்கு இதே வரிசை முதலிடத்துக்கு வந்திருக்கும். இவருக்கு அப்படி எந்த வரவும் இல்லை. தவிர, அந்த நகை மகளுக்கென்று வைத்திருப்பது என்றார். அதற்கு மேல் நான் எதுவும் பேசவில்லை.

மீதமிருந்த மூன்று வரிசைகளைக் கொண்டு, தனியார் வங்கியை 36 மாதத்துக்கும் அரசுடைமை வங்கியை 48 மாதத்துக்கும் கூடுதலாகக் கணக்கிட்டு, அட்டவணையைப் புதிதாக எழுதினோம்.

| கடன் தருபவர் | கையில் வருவது | காலம் | மாதத் தவணை | மொத்தம் கட்டுவது | ஏபிஆர் |
|---|---|---|---|---|---|
| அரசுடைமை வங்கி | 2,96,460 | 36 | 9,893 | 3,56,148 | 12.3% |
| அரசுடைமை வங்கி | 2,96,460 | 48 | 7,827 | 3,75,696 | 12.1% |
| தனியார் வங்கி | 2,94,690 | 36 | 10,108 | 3,63,888 | 14.3% |
| தனியார் வங்கி | 2,94,690 | 60 | 6,826 | 4,09,560 | 13.8% |
| நிதி நிறுவனம் | 2,88,420 | 36 | 10,334 | 3,72,024 | 17.4% |

காலத்தைச் சமப்படுத்தியதும், 13 விழுக்காடு என்று கேட்டவுடனேயே அவர் ஒதுக்கிவைத்த தனியார் வங்கி, 8 விழுக்காடு என்று சொன்ன நிதி நிறுவனத்தைவிட மொத்தத்தில் 8,000 ரூபாய்க்கு மேல் குறைவாக இருப்பது தெரிந்தது. கையில் வரும் தொகையும் 6,270 ரூபாய் அதிகம்.

ஆனால் இந்த அட்டவணையில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இரண்டாவது வரிசைதான். அரசுடைமை வங்கியில் 48 மாதத்துக்கு எடுத்தால் மொத்தம் 3,75,696 ரூபாய் கட்ட வேண்டும். நிதி நிறுவனத்திலோ 3,72,024 ரூபாய்தான். மொத்த நிரலை மட்டும் நம்புகிறவர் 12.1 விழுக்காட்டுக் கடனை விட்டுவிட்டு 17.4 விழுக்காட்டுக் கடனை எடுத்து, மூவாயிரத்துச் சொச்சம் மிச்சம் பிடித்ததாக நினைத்துக்கொள்வார். மொத்த நிரல் விலையையும் காலத்தையும் ஒன்றாகக் குழைத்துவிடுகிறது. நான்காவது ஆண்டு கட்டும் ஒரு ரூபாயும் முதல் மாதம் கட்டும் ஒரு ரூபாயும் அதற்கு ஒன்றே. காலம் ஒன்றாக இருக்கும் இரண்டு கடன்களுக்கு இடையே மட்டும் மொத்தத்தைப் பார்க்கலாம், அதுவும் கையில் வரும் தொகை ஒன்றாக இருந்தால்.

இதை அவருக்கு வேறு விதமாகச் சொல்லிக் காட்டினேன். நிதி நிறுவனத்துக்குக் கட்டத் தயாராக இருந்த அதே 10,334 ரூபாயை மாதாமாதம் அரசுடைமை வங்கிக்குக் கட்டினால் கடன் எப்போது முடியும்? 34 முழுத் தவணையோடு, 35ஆவது மாதம் ஒரு சிறு தொகையில் முடிந்துவிடும். தொடக்கத்தில் 8,040 ரூபாய் கூடுதலாகக் கைக்கு வந்திருக்கும், கடைசியில் ஏறக்குறைய இரண்டு தவணை மிச்சமாகியிருக்கும். தவணையை ஒன்றாக்கிவிட்டு எது முதலில் முடிகிறது என்று பார்ப்பது, விகிதக் கணக்கில் பழக்கமில்லாதவர்களுக்கு ஏபிஆரைவிட விரைவாகப் புரிகிறது என்பது என் அனுபவம்.

வங்கி என்று முடிவான பிறகும் 36 மாதமா 48 மாதமா என்ற கேள்வி நின்றது. அதற்கான விடை எந்தக் கடன் தருபவரிடமும் இல்லை, யூனிட்டின் வரவுசெலவில்தான் இருந்தது. முந்தைய பன்னிரண்டு மாதக் கணக்கை எடுத்துப் பார்த்தோம். பீஸ் ரேட் கூலி, வாடகை, கரண்ட் பில், வீட்டுச் செலவு எல்லாம் போக மிஞ்சியது நல்ல மாதங்களில் 14,000 ரூபாய் வரை போயிருந்தது. ஆர்டர் குறைந்த மூன்று மாதங்களில் 8,400 முதல் 9,000 ரூபாய்க்குள் நின்றிருந்தது. 9,893 ரூபாய்த் தவணை அந்த மூன்று மாதமும் இடித்திருக்கும். தவணை பவுன்ஸ் ஆனால் வங்கியின் அபராதக் கட்டணத்தோடு முடிவதில்லை. சிபில் பதிவிலும் ஏறும், அடுத்த கடனின் விகிதம் அங்கிருந்தே கூடத் தொடங்கும். 7,827 ரூபாய் என்றால் மிக மோசமான மாதத்திலும் கட்டிவிடலாம். புதிய மெஷின் ஓடுவதால் வரும் கூடுதல் வருமானத்தை வேண்டுமென்றே கணக்கில் சேர்க்கவில்லை. மெஷின் வந்தவுடன் ஆர்டரும் வந்துவிடும் என்று போட்ட கணக்குகள் எத்தனையோ என் அலமாரியில் கிடக்கின்றன.

அந்த ஓராண்டு நீட்சிக்கு விலை 19,548 ரூபாய். இதைக் குறைக்கவும் ஒரு வழி இருந்தது. வங்கியின் அனுமதிக் கடிதத்தில், முன்கூட்டிக் கட்டும் தொகைக்குக் கட்டணம் இல்லை என்று எழுதியிருந்தது. பன்னிரண்டு தவணை கட்டியபின் நிலுவை ஏறக்குறைய 2,37,350 ரூபாயாக இருக்கும். அப்போது நல்ல மாதங்களில் ஒதுக்கிவைத்த 25,000 ரூபாயை அசலில் கட்டிவிட்டு, தவணைத் தொகையை மாற்றாமல் காலத்தைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தால், மீதி 36 தவணை 32 ஆகக் குறையும், அதில் கடைசித் தவணை பாதியளவே இருக்கும். வட்டியில் ஒன்பதாயிரத்துச் சொச்சம் மிச்சம். எழுதிக் கொடுக்காவிட்டால் சில கிளைகளில் காலத்தை அப்படியே வைத்துத் தவணையைக் குறைத்துவிடுகிறார்கள், மிச்சமும் அதற்கேற்பச் சுருங்கிவிடும்.

நிதி நிறுவனத்தின் அறிக்கையில் இதே இடத்தில் 4 விழுக்காடு முன்முடிப்புக் கட்டணம் இருந்தது. ஓராண்டு கழித்து முழுவதையும் கட்டிவிட நினைத்தால், மூன்றில் ஒரு பங்கு தவணை கட்டியாகிவிட்டது, பாக்கி இரண்டு லட்சம்தானே என்று அவர் நினைத்திருப்பார். ஏனென்றால் பிளாட் கணக்கு அப்படித்தான் பேசுகிறது. ஆனால் அறிக்கையோடு வந்த தவணை அட்டவணை 14.55 விழுக்காட்டுக் குறையும் நிலுவையில் போடப்பட்டது. அதன்படி அந்த நாளில் பாக்கி 2,14,000 ரூபாய்க்கும் சற்று மேல். கடன் கொடுக்கும்போது ஒரு கணக்கு, முடிக்கும்போது வேறு கணக்கு என்று சண்டைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் போகிறார்கள்.

அரசுடைமை வங்கியின் வரிசையிலும் ஒரு நிச்சயமின்மை உண்டு என்பதை மறைக்க முடியாது. அதன் 11.5 விழுக்காடு ரெப்போ விகிதத்தோடு கட்டப்பட்ட மாறும் வட்டி. ஆகவே 3,75,696 என்ற மொத்தம் இன்றைய விகிதம் நான்கு ஆண்டும் நீடித்தால் வரும் தொகை மட்டுமே. நிதி நிறுவனத்தின் வட்டி நிலையானது, அதன் மொத்தம் மாறாது. ஐந்து விழுக்காடு இடைவெளி இருந்ததால் இந்த வேறுபாட்டை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இடைவெளி ஒரு விழுக்காடாக இருந்திருந்தால் எடுத்துக்கொண்டிருப்போம்.

நிதி நிறுவனத்துக்கு இருந்த உண்மையான பலம் வேகம். இரண்டு நாளில் பணம் என்று அது சொன்னது. வங்கி உத்யம் பதிவு, ஓராண்டு வங்கிக் கணக்கு விவரம், மெஷினுக்கான கொட்டேஷன் எல்லாம் கேட்டு, ஒருமுறை யூனிட்டையும் வந்து பார்த்து, பத்தொன்பது நாள் எடுத்துக்கொண்டது. கையில் ஆர்டர் காத்திருந்திருந்தால் அந்தப் பத்தொன்பது நாளுக்கும் ஒரு விலை போட்டு அட்டவணையில் சேர்த்திருக்க வேண்டும். இவருக்கு அப்போது அவசரம் இல்லை.

மார்ச் 12 அன்று கடன் பணம் மெஷின் விற்பவரின் கணக்குக்குப் போனது. ஏப்ரல் முதல் வாரம் அவர் மறுபடியும் நோட்டோடு வந்தார், முகத்தில் சற்றுக் கோபம். ஏப்ரல் 5 அன்று 2,268 ரூபாய் பிடித்திருக்கிறார்கள், இது நம் அட்டவணையில் எங்கேயும் இல்லையே என்றார். தவணைத் தேதி ஒவ்வொரு மாதமும் 5. முதல் முழுத் தவணை மே 5. மார்ச் 12 முதல் ஏப்ரல் 5 வரையிலான 24 நாளுக்கு, மூன்று லட்சத்துக்கு 11.5 விழுக்காடு வீதம், 365ஆல் வகுத்தால் சரியாக அந்தத் தொகைதான் வருகிறது. முதல் தவணைக்கு முந்தைய இந்த இடைநாள் வட்டி கூடுதல் கட்டணம் அல்ல, பணம் அத்தனை நாள் அவருக்குப் பயன்பட்டதற்கான வட்டி. ஆனால் எந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள் என்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கடன் அனுமதித்த நாளிலிருந்தோ ஒப்பந்தம் போட்ட நாளிலிருந்தோ சிலர் வட்டி எண்ணுவதை ஆய்வில் கண்டறிந்து, அது நியாயமல்ல என்று ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரல் 29 அன்று ஒரு சுற்றறிக்கையே விட்டிருக்கிறது. இவருடைய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது மார்ச் 7. அன்றிலிருந்து எண்ணியிருந்தால் 29 நாளாகி, 2,741 ரூபாய் பிடித்திருப்பார்கள். பாஸ்புக்கில் 2,268 என்றே இருந்தது. அவர் அந்தத் தொகையை அட்டவணையின் கீழே தனி வரியாக எழுதிக்கொண்டு, மெஷினுக்கு நூல் கோக்க ஆள் காத்திருக்கிறது என்று கிளம்பிவிட்டார்.